கிழக்கு பார்த்த அறைக்கு அஸ்தமனம்

ஹேவ்லாக் என்று நாம் இன்னமும் சொல்லும் ஸ்வராஜ் தீவின் கிழக்குக் கரையில், விஜயநகர் கடற்கரையை ஒட்டி ஒரு நடுத்தர விடுதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் சென்னை, கோவை, மதுரைக் குடும்பங்கள். டிசம்பர் விடுமுறைக்காகச் சென்னை ஏஜென்சி ஒன்று ஆறு இன்ஸ்டாகிராம் கேப்ஷன்களைத் தமிழில் எழுதி அனுப்புகிறது. விடுதியின் பிராண்ட் மேனேஜர் ஆறையும் திருப்பிவிடுகிறார். திருப்பும்போது அவர் எழுதும் கடிதம்தான் இங்கே எடைபோடப்படுவது.

நிறுவனங்கள் இத்தகைய கடிதங்களை வெளியே காட்டுவதில்லை. ஆகவே இந்தக் கடிதத்தை மாதிரியாக நானே அமைத்தேன். விடுதியும் மேனேஜரும் கற்பனை. கடலின் திசை, சூரியன் மறையும் நேரம், சட்டம், விருதுகள் ஆகியவை உண்மை. அந்தமானை விற்கும் விளம்பர வரிகளில் திரும்பத் திரும்பத் தென்படும் தவறுகளைத்தான் அந்த ஆறு கேப்ஷன்களிலும் வைத்திருக்கிறேன்.

கடிதம் இப்படித் தொடங்குகிறது: "வணக்கம். ஆறு கேப்ஷன்களையும் படித்தேன். இப்போதைய வடிவில் எதையும் வெளியிட இயலாது. ஏன் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். எவற்றைத் திருத்தலாம், எதைக் கைவிட வேண்டும் என்பதையும் பிரித்தே எழுதியிருக்கிறேன்."

வணக்கத்தை விட்டுவிட்டால், மறுப்பு இரண்டாம் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. இது சரியான இடம். நம் அலுவலகங்களில் வழக்கமாக நடப்பது வேறு. "அருமையான முயற்சி, டீமுக்கு வாழ்த்துகள்" என்று தொடங்கி, நான்காம் பத்தியில் "ஆனாலும் இன்னும் கொஞ்சம் பஞ்ச் வேணும்" என்று முடிப்பார்கள். படிக்கும் காப்பிரைட்டருக்கு வேலை நிராகரிக்கப்பட்டதா, இல்லை ஒரு சொல்லை மாற்றினால் போதுமா என்றே புரியாது. அவர் ஒரு சொல்லை மாற்றி அனுப்புவார், அதுவும் திரும்பும், இரு தரப்புக்கும் எரிச்சல் மிஞ்சும். முகத்துக்கு நேரே 'இல்லை' சொல்லக் கூசுகிற மரியாதையால் எதிரில் இருப்பவரின் இரண்டு நாள் வேலை வீணாகிறது. இந்த மேனேஜர் அந்தத் தவறைச் செய்யவில்லை.

கடிதத்தின் மிகச் சிறந்த பத்தி இரண்டாம் கேப்ஷனைப் பற்றியது. ஏஜென்சி எழுதியது: "அறையிலிருந்தே அஸ்தமனம். மாலை ஆறரை மணி, கையில் இளநீர், எதிரே சிவந்த கடல்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மேனேஜரின் பதில்:

"இந்தக் காட்சி எங்கள் விடுதியில் நடக்காது. எங்கள் அறைகள் கிழக்கு பார்த்தவை. இங்கிருந்து பார்க்கக் கிடைப்பது சூரிய உதயம். அஸ்தமனம் தீவின் மேற்குக் கரையில், ராதாநகரில். அங்கும் டிசம்பரில் ஐந்து மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். ஆறரைக்கு நல்ல இருட்டு. அறைகளின் திசையை நாங்கள் பிரீஃபில் எழுதவில்லை, அந்த விடுபடல் எங்களுடையது. இதே காட்சியைக் காலைக்கு மாற்றிப் பாருங்கள். விடியற்காலை ஐந்தரை மணி, இளநீருக்குப் பதில் காப்பி. 'எதிரே சிவந்த கடல்' அப்படியே இருக்கட்டும். ஆறு கேப்ஷன்களிலும் எனக்குப் பிடித்த சொற்கள் அவைதான்."

ஏன் ஐந்து மணி? நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டை வைத்து ஓடுகிறது. ஹேவ்லாக் 93 பாகையை ஒட்டி இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில், அங்கே சூரியன் நம் கடிகாரத்தைவிட நாற்பது நிமிடத்துக்குச் சற்று அதிகமாக முந்திக்கொள்கிறது. சென்னையோ 80 பாகையில், அந்தக் கோட்டுக்கு மேற்கே இருக்கிறது. அதனால் சென்னைக்கும் ஹேவ்லாக்குக்கும் ஐம்பது நிமிட அளவு வித்தியாசம். சென்னையில் உட்கார்ந்து எழுதுகிறவர் மாலை என்றதும் தன் ஊர் மாலையை நினைத்து ஆறரை என்று எழுதிவிட்டார். ஜூன் மாதத்தில்கூட ஹேவ்லாக்கில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும்.

இந்தத் தவறு படிப்பவரை எங்கே அடிக்கும் என்றும் பார்க்க வேண்டும். அந்தக் கேப்ஷனை நம்பிய ஒரு குடும்பம் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து பிற்பகல் கப்பலில் வந்து இறங்குகிறது. அறைக்குப் போய்க் குளித்து, பிள்ளைகளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுத்துவிட்டு வெளியே வந்தால் வானம் கறுத்திருக்கும். மறுநாளும் அறைக்கு முன்னால் உட்கார்ந்து காத்திருந்தால் சூரியன் முதுகுப் பக்கம் மறையும். கோபம் முழுவதும் வரவேற்பு மேசையில் நிற்கும் பையன் மேல்தான் விழும். ஏஜென்சியின் பெயர்கூட அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது.

இந்தப் பத்தி பயன்படுவதற்கான காரணம் அதன் வரிசையில் இருக்கிறது. எது தவறு, உண்மை நிலை என்ன, தவறு எங்கே பிறந்தது, எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று வரிசையாக வருகிறது. கடைசியில் உள்ள பாராட்டும் வெறும் தேன் தடவல் இல்லை. எந்தச் சொற்களைக் காப்பாற்ற வேண்டும் என்று அது காப்பிரைட்டருக்குச் சொல்கிறது. அந்த வாக்கியம் இல்லாவிட்டால் அவர் முழுக் கேப்ஷனையும் தூக்கி எறிந்திருப்பார், 'எதிரே சிவந்த கடல்' என்பதும் கூடவே போயிருக்கும். இன்னொன்று, பத்தி முழுவதிலும் "நீங்கள் கவனிக்கவில்லை" என்ற குற்றச்சாட்டு எங்குமே இல்லை. திசை பிரீஃபில் இல்லை என்பது உண்மை. அதை ஒப்புக்கொள்வதில் பணிவைவிடத் துல்லியமே அதிகம். அடுத்த பிரீஃபில் திசையைச் சேர்க்க வேண்டும் என்ற வேலை இப்போது மேனேஜரின் மேசைக்கு வந்துவிட்டது.

முதல் கேப்ஷனுக்கான பதில் இவ்வளவு நன்றாக இல்லை. ஏஜென்சி எழுதியது: "ஆசியாவின் நம்பர் 1 கடற்கரை, உங்கள் காலடியில்!" மேனேஜரின் பதில்: "ராதாநகரை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று டைம் இதழ் சொன்னது 2004இல். ஆண்டைக் குறிப்பிடாமல் போட்டால் இன்றைய தரவரிசை என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். மேலும் ராதாநகர் எங்கள் காலடியில் இல்லை, தீவின் மறுபுறத்தில் இருக்கிறது. இதற்குப் பதிலாக, நீலக் கொடிச் சான்று பெற்ற கடற்கரை என்று எழுதலாம்."

முதல் மூன்று வாக்கியங்களும் சரி. விளம்பரத் தர நிர்ணயக் கழகமான ஆஸ்கியின் விதிகளே, வெளியார் மதிப்பீட்டை ஆதாரமாகக் காட்டும் விளம்பரம் அதன் மூலத்தையும் தேதியையும் சொல்ல வேண்டும் என்கின்றன. மேனேஜர் விதியை இழுக்காமல் படிப்பவர் என்ன எடுத்துக்கொள்வார் என்று சொன்னது நல்ல தேர்வு. விதியைச் சொன்னால் காப்பிரைட்டர் ஒரு நட்சத்திரக் குறி போட்டுக் கீழே பொடி எழுத்தில் '2004' என்று எழுதிவிட்டு வேலை முடிந்தது என்பார். படிப்பவர் எப்படி ஏமாறுவார் என்று தெரிந்தால்தான் அந்த வரியையே வேறு மாதிரி யோசிப்பார்.

நான்காம் வாக்கியத்தில்தான் சறுக்கல். ராதாநகருக்கு நீலக் கொடி 2020இல் கிடைத்தது உண்மை. இந்தியாவில் முதன்முதலாக அந்தச் சான்றைப் பெற்ற எட்டுக் கடற்கரைகளில் அதுவும் ஒன்று. ஆனால் அது ஒருமுறை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டி வைக்கும் பட்டம் அல்ல. நீரின் தரம், தூய்மை, பாதுகாப்பு ஆகியவற்றைப் பார்த்துப் பருவத்துக்குப் பருவம் புதுப்பிக்க வேண்டியது. விளம்பரம் வெளியாகும் பருவத்தில் சான்று நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். தேதியில்லாத ஒரு புகழை நீக்கச் சொன்னவர் தேதியில்லாத இன்னொரு புகழைக் கையில் கொடுக்கிறார். காலடியில் இல்லாத கடற்கரையின் சான்று இந்த விடுதிக்கு எப்படிச் சேரும் என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது. கிளையண்ட் தருகிற மாற்றுவரிக்கு ஏஜென்சியில் தனி மதிப்பு உண்டு. யாரும் அதைச் சரிபார்க்க மாட்டார்கள். 'கிளையண்டே சொன்னது' என்று நேராகப் பதிவில் ஏறிவிடும். தவறான திருத்தம் மூலத் தவறைவிட வேகமாக வெளியே போய்விடும் என்பதால்தான் இதை நான் பெரிதாக எடுக்கிறேன்.

மூன்றாவதும் ஐந்தாவதும் சிறிய விஷயங்கள். "அறையிலிருந்து இறங்கினால் நீச்சல்" என்பதற்கு, விஜயநகரில் கடல் நாளுக்கு இருமுறை உள்வாங்கும், அப்போது நெடுந்தூரம் பாறையும் உடைந்த பவளமும்தான் தெரியும், நீந்த முடியாது, நேரமும் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்று பதில். "தினமும் இரவில் நீல ஒளி வீசும் கடல்" என்பதற்கு, அந்த ஒளி நுண்ணுயிர்களிடமிருந்து வருவது, நிலா இல்லாத இருட்டில்தான் தெரியும், எந்த இரவில் தெரியும் என்று யாராலும் உறுதி தர முடியாது, 'தினமும்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள் என்று பதில். இரண்டும் துல்லியமானவை, சுருக்கமானவை.

ஆறாவது கேப்ஷனில் தவறான தகவல் எதுவும் இல்லை. "பச்சையில் தொலைந்து, நீலத்தில் கரைந்து, சொர்க்கத்தில் விழித்தெழுங்கள்." இதை மறுப்பதுதான் கடினம். தகவல் பிழை என்றால் காட்டிவிடலாம், ருசியை எப்படிக் காட்டுவது? இங்கேதான் பெரும்பாலான மேனேஜர்கள் 'பஞ்ச் இல்லை' என்ற சொல்லில் போய் ஒளிந்துகொள்கிறார்கள். இவர் எழுதுவது: "இந்த வரியில் எங்கள் பெயரை எடுத்துவிட்டு லட்சத்தீவு விடுதி ஒன்றின் பெயரைப் போட்டுப் பார்த்தேன், பொருந்தியது. மாலத்தீவையும் போட்டேன், பொருந்தியது. தவிர, பச்சையும் நீலமும் அந்தமான் சுற்றுலாத் துறையே தன் முழக்கத்தில் பல காலமாகப் பயன்படுத்துபவை. எங்கள் கரையில் மட்டும் இருக்கும் சிலவற்றைத் தருகிறேன்: மணலின் மேல் சாய்ந்து நிழல் தரும் கடல் மகுவா மரங்கள், ஐந்தரைக்கே முகத்தில் விழும் வெயில், கடல் உள்வாங்கியதும் பிள்ளைகள் நண்டு தேடும் பாறைக்குட்டைகள். இவற்றில் ஒன்றை எடுத்து எழுதுங்கள். எப்படி எழுதுவது என்பது உங்கள் கையில்."

பெயரை மாற்றிப் பார்ப்பது விளம்பரத் துறையில் பழைய சோதனைதான். ஆனால் சோதனையோடு நிறுத்திவிட்டால் காப்பிரைட்டருக்குத் தோற்றோம் என்பது மட்டுமே தெரியும். அடுத்து வரும் மூன்று பொருள்கள்தான் இந்தப் பத்தியைக் காப்பாற்றுகின்றன. சென்னையில் இருப்பவருக்கு மகுவா மரத்தின் சாய்வு எப்படித் தெரியும்? கூகுளில் கிடைக்கும் படங்களில் பாதி ராதாநகர், மீதி எங்கோ ஒரு தீவு. கரையில் நிற்பவர் கண்ணால் பார்த்ததைக் கொடுத்துவிட்டு வரியை எழுதாமல் விலகிக்கொள்கிறார். முதல் கேப்ஷனிலும் இதையே செய்திருந்தால் நீலக் கொடி விபத்து நடந்திருக்காது.

நடுவில் ஒரு தொழில் குறிப்பும் இருக்கிறது. இன்ஸ்டாகிராம் முதல் ஓரிரு வரிகளை மட்டும் காட்டி மீதியை மடித்துவிடும் என்பதால் இடமும் நேரமும் தொடக்கத்திலேயே வரட்டும் என்கிறார். தமிழில் வினை கடைசியில் வருவதால் நீண்ட வாக்கியம் மடிப்புக்குள் விழுந்து, என்ன நடக்கிறது என்றே தெரியாமல் போகும். நல்ல அறிவுரை, ஆறுக்கும் பொருந்துவது. அதைக் கடிதத்தின் தலைப்பகுதிக்கு ஏற்றியிருக்கலாம்.

நான்காவது கேப்ஷனைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்தேன். கடிதம் தோற்கும் இடம் அது. ஏஜென்சி எழுதியது: "நாகரிகம் தொடாத ஆதி மனிதர்கள் வாழும் தீவுக்கூட்டம். நீங்களும் வந்து பாருங்கள்!" மேனேஜரின் பதில்: "இது சற்றுக் கவனத்தோடு அணுக வேண்டிய விஷயம். சட்டச் சிக்கலும் வரலாம். வேறு கோணத்தில் யோசித்துப் பார்க்கலாமே."

இங்கே அன்பு இடம் தெரியாமல் வந்து நிற்கிறது. ஜாரவாக்கள், சென்டினல் தீவினர் போன்ற பழங்குடிகளைக் காக்க 1956இலேயே தனி ஒழுங்குவிதி வந்தது. 2012 தொடக்கத்தில் ஜாரவாப் பெண்களைச் சுற்றுலாப் பயணிகள் முன் ஆடச் செய்யும் வீடியோ வெளியாகி உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்தது. அதே ஆண்டில் ஒழுங்குவிதி கடுமையாக்கப்பட்டது. இவர்களைப் படம் பிடிப்பது மட்டுமல்ல, நேரடியாகவோ மறைமுகமாகவோ இவர்களைக் காட்டிச் சுற்றுலாவுக்கு ஆள் இழுக்கும் விளம்பரமும் குற்றமானது. 'வந்து பாருங்கள்' என்ற இரண்டு சொற்கள் அந்த எல்லையைத் தாண்டி எங்கோ போய்விடுகின்றன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வெளியாரின் சளியும் அம்மையும் தாங்காத உடல்களோடு, தங்களை விட்டுவிடும்படி அம்பு காட்டிச் சொல்கிற மக்களை விடுமுறைக் காட்சியாக விற்பது கொடுமை. அந்த விடுதியிலிருந்து ஒரு ஜாரவாவைப் பார்க்கும் வாய்ப்பே இல்லை என்பதால் அது பொய்யும்கூட.

மேனேஜருக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது. அந்தமானில் வேலை செய்கிற எவருக்கும் தெரியும். மற்ற ஐந்து கேப்ஷன்களுக்கும் ஒரே குரலில் பேசிய பழக்கத்தில் நான்காவதற்கும் அதே குரலை வைத்துவிட்டார். 'யோசித்துப் பார்க்கலாமே' என்றால் ஏஜென்சிக்குக் கேட்பது 'இதையே கொஞ்சம் மென்மையாக எழுது' என்பதுதான். அடுத்த சுற்றில் 'பழமையின் சுவடுகள் கொண்ட தீவுகள்' என்று ஒரு வரி வரும், கூடவே எங்கிருந்தோ எடுத்த ஒரு படமும் வரும். அஸ்தமன நேரம் தவறியதும் இதுவும் ஒரே பட்டியலில் எண் 2, எண் 4 என்று அருகருகே நிற்பதைப் பார்க்கும் காப்பிரைட்டர் இரண்டும் ஒரே எடை என்றுதான் நினைப்பார்.

அந்தப் பத்தி இப்படி இருந்திருக்க வேண்டும்: "நான்காவது கேப்ஷனை எந்த வடிவிலும் வெளியிட முடியாது. பழங்குடியினரைக் காட்டிச் சுற்றுலாவுக்கு அழைக்கும் விளம்பரம் இங்கே தண்டனைக்குரிய குற்றம். சொல், படம், ஹேஷ்டேக் எதிலும் அவர்கள் வரக்கூடாது. இது ஷெட்யூலில் ஏறியிருந்தால் உடனே எடுத்துவிட்டு எனக்கு உறுதிசெய்யுங்கள். இந்தத் தடையை உங்களுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். பிரீஃபில் முதல் வரியாக இனி வைக்கிறோம்." கடுமையாக இருக்கிறது, ஆனால் யாரையும் இழிவுபடுத்தவில்லை. எழுதிய இளைஞரைச் சிக்கலிலிருந்து காப்பாற்றுவதும் இதுதான். இதைக் கடிதத்தில் எழுதும் முன்பே தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் கேப்ஷன் ஏற்கெனவே பதிவுக்கு வரிசையில் நிற்கலாம்.

கடிதத்தின் முடிவு மறுபடி நம் மதிப்பைப் பெறுகிறது. "ஒப்பந்தத்தில் உள்ள திருத்தச் சுற்றுகளில் இந்தச் சுற்றை எண்ண வேண்டாம். பாதிப் பிழைகள் எங்கள் பிரீஃபிலிருந்து வந்தவை. இரண்டாவதையும் ஆறாவதையும் முதலில் அனுப்புங்கள், அவை சரியாக வந்தால் மற்றவற்றுக்கு அவையே வழிகாட்டும்." ஏஜென்சி ஒப்பந்தங்களில் இத்தனை சுற்றுத் திருத்தம்தான் கட்டணத்துக்குள் வரும் என்ற வரம்பு வழக்கமாக இருக்கும். அதைத் தாண்டினால் பணம், இல்லையென்றால் இரவு வேலை. பெரும்பாலும் இரவு வேலைதான். மேனேஜரின் மற்ற எல்லா இனிய சொற்களையும்விட இந்த ஒரு வாக்கியம்தான் எதிரில் இருப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

இவ்வளவு நீளமாக எழுதுவதே நம்பிக்கையின்மை, நல்ல கிளையண்ட் ஏஜென்சியை விட்டுவிடுவார் என்றொரு வாதம் உண்டு. அதற்கு எப்போதும் காட்டப்படும் உதாரணம் அமுல். 1966 முதல் சில்வெஸ்டர் டகுன்ஹாவின் ஏஜென்சி எழுதிய வெண்ணெய் விளம்பரங்களை முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை என்ற சுதந்திரத்தை வர்கீஸ் குரியன் கொடுத்திருந்தார். அந்தச் சுதந்திரத்தால்தான் செய்தி சூடாக இருக்கும்போதே பலகை எழுந்தது. ஆனால் வெண்ணெய்ப் பலகையில் இருந்தது செய்தியைப் பற்றிய ஒரு கேலி. அதை நம்பி யாரும் டிக்கெட் எடுத்துக் கடல் கடக்கவில்லை. விடுதியின் கேப்ஷன் ஒரு வாக்குறுதி. அந்த வாக்குறுதி நிறைவேறும் இடத்தில் எழுதியவர் நிற்கவில்லை, மேனேஜர் நிற்கிறார். இந்தத் தூரம் இருக்கும்வரை விரிவான மறுப்பு தேவைதான். இரண்டு பருவம் ஒரே காப்பிரைட்டர் எழுதி, ஒருமுறை விஜயநகர் கரைக்கு வந்து போய்விட்டால், குரியன் வழி இங்கும் நடக்கலாம்.

அப்படியானால் இந்தக் கடிதத்தை அனுப்பலாமா? இப்போது இருக்கிறபடி அனுப்பக்கூடாது. நீலக் கொடி வாக்கியத்தை வெட்ட வேண்டும், அந்த இடத்தில் விஜயநகர் கரையின் உதயத்தையோ பாறைக்குட்டைகளையோ வைக்க வேண்டும். நான்காம் பத்தியைப் பட்டியலிலிருந்து உருவித் தலைப்பில் தனியாக நிறுத்த வேண்டும், அதுவும் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு. மீதி எல்லாம் ஒரு சொல் மாறாமல் போகலாம். இரண்டாம், ஆறாம் கேப்ஷன்களுக்கான பத்திகளைப் புதிதாக வேலைக்குச் சேரும் எந்த பிராண்ட் மேனேஜருக்கும் பாடமாகக் கொடுப்பேன். நான்காம் பத்தியையும் சேர்த்தே கொடுப்பேன், அதை அவரே திருத்தி எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு.